பணி விலகல்: கடைசி வேலை நாள் ஏப்ரல் 30, 2026

வணக்கம் சார்,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாட்டில், "சார், ஜெர்மனி விசா வந்துருச்சுங்க, பேப்பர் போட்டுடறேன்" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தேன். எச்.ஆருக்கும் போக வேண்டும் என்பதால் அதையே முறையாக எழுதுகிறேன்.

சீனியர் டெஸ்டர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். இன்று, மார்ச் 2 முதல் 60 நாள் நோட்டீஸ்; ஏப்ரல் 30 கடைசி நாள். ஸ்டுட்கார்ட்டில் டெஸ்டிங் வேலை கிடைத்திருக்கிறது, மே மாதம் சேர வேண்டும். இங்கே மனக்குறை எதுவும் இல்லை. சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னாலும் முடிவு மாறாதுங்க சார், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஒப்படைப்பில் எனக்குக் கவலை ஜாப் ஒர்க் மாட்யூல்தான். பில்லிங், ஸ்டாக் ரிப்போர்ட்டுக்கு ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் இருக்கிறது, யார் ஓட்டினாலும் ஓடும். சாயப்பட்டறை டெலிவரி சலானைக் கையால்தான் சோதிக்க வேண்டும். 500 கிலோ துணி போய், ஒரே நடையில் 485 கிலோ திரும்பினால் பிராசஸ் லாஸ் 15 கிலோ என்று சரியாகக் காட்டுகிறது. அதுவே முதலில் 300, பிறகு 185 என்று இரண்டு நடையாக வந்தால், முதல் நடையிலேயே 200 கிலோவை லாஸ் என்று எழுதி லாட்டை மூடிவிடுகிறது. பட்டறையில் இரண்டு நடை என்பது வாடிக்கை. இந்தத் தப்புக் கணக்கு ITC-04 வரைக்கும் போகும். டெவலப்பர்கள் இந்த பக்கை 'லோ' ஆக்கப் பார்க்கிறார்கள். நான் போன பிறகும் 'ஹை' என்றே இருக்கட்டும்.

புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இதை நானே சொல்லித் தருகிறேன். ஒரு நாள் அவரைத் திருப்பூர் கஸ்டமர் குடோனுக்குக் கூட்டிப் போக அனுமதி வேண்டும். எடை மெஷின் பக்கத்தில் நின்று சலான் போடுவதைப் பார்த்தால், டாக்குமெண்ட் படிப்பதைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

ஏப்ரல் முதல் வாரம் புது பில் நம்பர் தொடங்குவதால் லீவு எடுக்க மாட்டேன். சித்திரை ஒன்றுக்குக் கோபியில் அப்பா அம்மாவோடு இருக்க, ஏப்ரல் 13 திங்கள் மட்டும் லீவு வேண்டும்.

ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் கடைசி நாளன்றே கிடைத்தால் நல்லது. நான் செய்த வேலைகளை விவரமாக ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கே கேட்கிறார்கள். படிவம் 16 வரும்போது என் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் போதும். லேப்டாப்பை 30-ம் தேதி ஒப்படைத்துவிடுகிறேன்.

சேர்ந்த புதிதில், "ஸ்கிரீன்ஷாட் அப்புறம்மா, எந்த வரிசைல தட்டுனீங்கன்னு மொதல்ல எழுதுங்க" என்றீர்கள். ஸ்டுட்கார்ட் இன்டர்வியூவில் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. மிக்க நன்றி சார்.

இந்தக் கடிதம் கிடைத்ததற்கும் கடைசித் தேதிக்கும் எச்.ஆரைச் சேர்த்து ஒரு பதில் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கவிதா
சீனியர் டெஸ்டர், கோயம்புத்தூர்