அப்பளத் திருடன்

கோடை லீவுக்குக் கல்லிடைக்குறிச்சி போனால் வள்ளிக்கு ஒரு வேலை காத்திருக்கும். மொட்டை மாடியில் ஆச்சி காயப்போடும் அப்பளத்துக்குக் காவல். கையில் ஒரு நீளக் குச்சி, தலையில் தாத்தாவின் துண்டு. காக்கா வந்தால் "சூ!", அணில் வந்தால் "சூ சூ!"

எண்ணி வைப்பதும் அவள்தான். வள்ளிக்கு எட்டு வயதுதான் ஆகிறது. ஆனால் எண்ணுவதில் தப்பே வராது.

இந்த வருஷம் லீவு விட்ட இரண்டாம் நாளே சித்ரா பௌர்ணமி வந்துவிட்டது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு எல்லோருமாகத் தாமிரபரணிக்குப் போனார்கள். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே தென்னைமரங்களுக்கு நடுவே நிலா ஏறியது. வட்டமாக, வெளிர் மஞ்சளாக, இப்போதுதான் தேய்த்து வைத்த மாதிரி.

"ஆச்சி! பெரிய அப்பளம்!" என்று வள்ளி கத்தினாள்.

அண்ணன் கதிர் தயிர் சாதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "பொரிச்சுத் தருவியா?" என்று கேட்டான். கதிருக்கு எப்போதும் அதே நினைப்புதான்.

மறுநாள் சாயங்காலம் வள்ளி மாடியில் நின்று பார்த்தாள். நிலாவைக் காணோம். இருட்டிய பிறகு, முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் தாமதமாக மெதுவாக வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் தாமதம். அதோடு ஓரத்தில் கொஞ்சம் குறைந்தும் இருந்தது! நான்காம் நாள் நன்றாகவே குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நிலா வருவதற்குள் வள்ளி தூங்கிப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஆச்சி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வள்ளி பல் தேய்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். நீல வானத்தில், வெளுத்துப்போய், பாதி நிலா!

"ஆச்சி, யாரோ நிலாவைத் திங்காங்க! பாதியைத் தின்னுட்டு, மீதியை அப்புறமா திங்கலாம்னு வச்சிருக்காங்க!"

ஆச்சி சிரித்தார். முப்பது வருஷம் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தவர். எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டார்.

"எங்க ஆச்சி எனக்கு ஒரு கதை சொல்லுவாங்க," என்றார். "சந்திரனுக்கு இருபத்தேழு பொண்டாட்டி. அத்தனை பேரும் தட்சனோட பொண்ணுங்க. சந்திரனுக்கு ரோகிணியை மட்டும்தான் ரொம்பப் பிடிக்கும். மத்தவங்க அப்பாகிட்ட போயி அழுதாங்க. தட்சனுக்குக் கோவம் வந்து, 'நீ தேய்ஞ்சு போ'ன்னு சாபம் கொடுத்துட்டான். சந்திரன் சிவன்கிட்ட ஓடினான். சிவன் அவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, 'தேய்ஞ்சாலும் மறுபடி வளருவே'ன்னுட்டார்."

வள்ளிக்குக் கதை பிடித்தது. ஆனால் திருடன் யார் என்று அதில் இல்லையே.

"நல்ல கதை ஆச்சி. நிஜமா என்ன நடக்குது?"

"நீயே காவல் காத்துக் கண்டுபிடி. அப்பளத்துக்குக் காக்கிறேல்லா?"

சரி என்று வள்ளி மாடிச் சுவரில் கரித்துண்டால் தினமும் நிலாவை வரைய ஆரம்பித்தாள். முதல் படம் முழு வட்டம், அடுத்தது குறைந்த வட்டம், இரண்டும் ஞாபகத்திலிருந்து. அப்புறம் பாதி, வெள்ளரிக் கீற்று. பிறகு அமாவாசை. அன்றைக்கு ஒன்றும் வரையவில்லை. "முழுசா தின்னாச்சு" என்று மட்டும் எழுதி வைத்தாள்.

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை. சூரியன் மறைந்த பக்கத்தில், சிவந்த வானத்துக்கு மேலே, ஒல்லியாக ஒரு கீற்று. குட்டித் தோணி மாதிரி சற்றே சாய்ந்து கிடந்தது.

ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். வள்ளி கும்பிடவில்லை. கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி... தோணிக்குள்ள என்னமோ இருக்கு."

கீற்றின் மேல் பக்கம், மிக மிக மங்கலாக, சாம்பல் நிறத்தில், மீதி வட்டம் முழுவதும் தெரிந்தது! அடுப்பணைத்த பிறகு இருட்டில் தெரியும் தோசைக்கல் மாதிரி. இதுவரை அவள் அதைக் கவனித்ததே இல்லை.

"அப்போ யாரும் திங்கலை!" என்று வள்ளி குதித்தாள். "முழுசும் அங்கதான் இருக்கு! ஒரு ஓரத்துல மட்டும் லைட்டு எரியுது!"

"அட," என்றார் ஆச்சி. "பிடிச்சுட்டியே!"

"மீதி ஏன் லேசா தெரியுது?"

"நிலாவுல நின்னு பார்த்தா நம்ம பூமியும் வெளிச்சமாத்தான் தெரியும். அந்த வெளிச்சம் கொஞ்சம் அங்க போயி விழுது."

நிலாவுக்கே நாம் விளக்குப் பிடிக்கிறோம் என்பது வள்ளிக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அதற்குள் கதிர் மாடிக்கு வந்துவிட்டான். அவன் ஏழாம் வகுப்பு. "இது தெரியாதா? பூமியோட நிழல் நிலா மேல விழுது. அதான் இருட்டு," என்றான்.

ஆச்சி அவனுக்கும் பதில் சொல்லவில்லை. "அஷ்டமி அன்னிக்கு ரெண்டு பேரும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க வாங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அஷ்டமி வந்தது. ஐந்து மணிக்கு மாடியில் இன்னும் வெயில் இருந்தது. ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சம்பழம் ஒரு கூடை நிறைய அங்கேயே இருந்தது. சூரியன் மேற்கே. அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, பாதி நிலா.

"ஏல கதிரு, சூரியன் எங்க இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"நிலா?"

"மேல."

"பூமி?"

கதிர் காலால் தரையைத் தட்டினான்.

"சூரியன் அந்தப் பக்கம் இருந்தா, நம்ம நிழல் எந்தப் பக்கம் விழும்?"

கதிர் திரும்பித் தன் நிழலைப் பார்த்தான். அது கிழக்கே நீளமாகக் கிடந்தது. நிலா இருந்த பக்கம் போகவே இல்லை. கதிர் தலையைச் சொறிந்தான்.

ஆச்சி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வள்ளியிடம் கொடுத்தார். "கையை நல்லா தூக்கி, பழத்தை நிலாவுக்குப் பக்கத்துல பிடி. வெயில் பழத்து மேல விழணும். ஆனா சூரியனைப் பார்க்கக் கூடாது. கண்ணு போயிரும்."

வள்ளி பிடித்தாள்.

நீங்களும் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். எலுமிச்சம்பழத்தின் மேற்குப் பாதியில் வெயில். மறுபாதி இருட்டு. பக்கத்தில் நிலாவுக்கும் மேற்குப் பாதி வெளிச்சம். மறுபாதி இல்லை. கோடு எங்கே விழ வேண்டுமோ அங்கேயே, அதே சாய்வில். ஒன்று ஊறுகாய்க்கு, ஒன்று வானத்துக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு!" என்றான் கதிர். அவனும் ஒரு பழம் எடுத்துக்கொண்டான்.

"நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது," என்றார் ஆச்சி. "அதுவும் இந்தப் பழம் மாதிரி ஒரு உருண்டைதான், வெறும் கல்லும் மண்ணும். சூரியனைப் பார்த்த பாதி எப்பவும் வெளிச்சமா இருக்கும். முதுகுப் பக்கம் எப்பவும் இருட்டு. வள்ளி, இப்போ நீதான் பூமி. பழத்தைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கோ. தலைக்குக் கொஞ்சம் மேல. மேற்கே பார்த்து நில்லு, கண்ணைத் தாழ்த்திக்கோ. அப்படியே இடது பக்கமா மெள்ளச் சுத்து."

மேற்கே பழத்தின் இருட்டு முதுகுதான் வள்ளி பக்கம் இருந்தது.

"அமாவாசை," என்றாள்.

கொஞ்சம் திரும்பினாள். வலது ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று. "மூணாம் பிறை!"

தெற்கே திரும்பினாள். வலது பாதி பளிச். "இன்னிக்கு!"

கிழக்கே திரும்பினாள். வெயில் முதுகில் சுட்டது. பழம் முழுவதும் மஞ்சளாக மின்னியது. "சித்ரா பௌர்ணமி! ஆத்தங்கரை!"

வடக்கே திரும்பினாள். இப்போது இடது பாதி. "பல் தேய்க்கும்போது பார்த்தது!"

மறுபடி மேற்கே. இருட்டு.

"பழம் பூராவும் என் கையிலதான் இருந்துச்சு," என்று வள்ளி மெதுவாகச் சொன்னாள். "நான் பார்க்கிற பக்கம்தான் மாறிக்கிட்டே வந்துச்சு."

"நிலா நம்மளை இப்படித்தான் சுத்துது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய 29.5 நாள்."

"அது என்ன அரை நாள்?" என்று கதிர் கேட்டான்.

"நிலாகிட்டதான் கேக்கணும்."

வைகாசிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் வள்ளி யாரும் கூப்பிடாமலே மாடி ஏறினாள். சூரியன் இறங்க இன்னும் சற்று நேரம் இருந்தது. கிழக்கே திரும்பிப் பழத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பழம் இருட்டாகிவிட்டது!

"ஆச்சி, பௌர்ணமி வரலை!"

"உன் தலையோட நிழல் பழத்து மேல விழுது. அதுதான் சந்திர கிரகணம். கதிர் சொன்ன பூமி நிழல் அன்னிக்குத்தான் வரும். கையைக் கொஞ்சம் தூக்கு."

தூக்கினாள். பழம் பளிச்சென்று ஆனது.

"நிலாவும் முக்கால்வாசி நேரம் அப்படித்தான். நிழலுக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோ நழுவிப் போயிரும். அதான் மாசா மாசம் கிரகணம் வர்றதில்லை."

"நான் சொன்னதும் சரிதான்," என்றான் கதிர்.

"வருஷத்துல ஒண்ணு ரெண்டு நாளைக்குச் சரி," என்றாள் வள்ளி.

தென்னைமரங்களுக்கு நடுவே நிலா ஏறியது. வள்ளி சுவரில் கடைசி வட்டத்தை வரைந்தாள். இருட்டுவதற்குள் அப்பளத்தை எடுத்து அடுக்க வேண்டும். காலையில் 30 போட்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"ஆச்சி! 29.5 இருக்கு!"

கடைசி அப்பளம் சரியாகப் பாதி. விளிம்பில் பல் தடம் வரிசையாக இருந்தது.

ஆச்சி கதிரைப் பார்த்தார். கதிர் நிலாவைப் பார்த்தான். வாயை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தான். ஆனால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் வளர்பிறை மாதிரி உப்பியிருந்தது.