சித்தப்பாவையும் சித்தியையும் வழியனுப்புகையில்

சித்தப்பா, சித்தி, புறப்படும் நேரத்தில் உங்களை வாசலில் நிறுத்தி வைப்பதற்கு மன்னிக்க வேண்டும். ஆனாலும் இதைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாள்முதல் யாரோடும் அதிகம் பேசாமல் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்த அம்மா, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பழைய கதைகளைப் பேசத் தொடங்கிய பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தார். நேற்று மாலை அவர் தாமாகவே எழுந்து, சித்தியின் தோளைப் பற்றிக்கொண்டு கூடம்வரை நடந்து வந்ததைச் சமையலறையிலிருந்து பார்த்தேன். நாங்கள் எத்தனையோ முறை கெஞ்சியும் நடக்காத காரியம் அது. அந்தத் தெம்பு மருந்தால் மட்டும் வந்ததல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கிடையே உங்களைக் கவனிப்பதில் ஏதேனும் குறை நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியையும் இரவு மாத்திரைகளையும் பையின் வெளி அறையில் வைத்திருக்கிறேன். படி ஈரமாக இருக்கிறது, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்நேரமானாலும் வீடு சேர்ந்ததும் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதுவரை அம்மா தூங்க மாட்டார், நானும் தூங்க மாட்டேன். அடுத்த முறை யாருக்கும் உடம்புக்கு முடியவில்லை என்பதற்காக நீங்கள் வர வேண்டாம். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து, திரும்பும் நாளை முன்கூட்டியே குறிக்காமல், ஆசைதீரத் தங்குங்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்.