இயல் 2: தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம், 1876–1878: பார்த்த ஆவணங்கள், பார்க்க முடியாதவை, மிஞ்சாதவை

சேலம் மாவட்டத்தின் நிவாரண முகாம்களுக்குள் யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. 1871 குடிக்கணக்கில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. 1881-இல் அது 15,99,595. மூன்று லட்சத்து அறுபத்தேழாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள். இத்தனை பெரிய இழப்பைப் பற்றி அரசு எழுதிக் குவித்த தாள்கள் ஏராளம். ஆனால் அவற்றுள் பெயரோடும் ஊரோடும் வரும் ஏழைகள் மிகச் சிலர். எந்த ஆவணத்தைப் பார்த்தேன் என்பதைவிட, அந்த ஆவணம் யாரை எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்பதையே இந்த இயல் அதிகம் பேசுகிறது. பின்வரும் இயல்களில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

ஆய்வின் முதுகெலும்பு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வருவாய் வாரிய நடவடிக்கைகளையும் வருவாய்த் துறை அரசாணைகளையும் 1876 பிற்பகுதியிலிருந்து 1878 முடிய மாதவாரியாகப் பார்த்தேன். பொதுப்பணித் துறை, சுகாதாரம் தொடர்பான கடிதங்களை மட்டும் சேலம் என்ற பெயர் வரும் இடங்களில் தேர்ந்தெடுத்துப் படித்தேன். அப்போதைய சேலம் மாவட்டம் இன்றையதைவிட மிகப் பெரியது. சேலம், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு, ஊத்தங்கரை, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் என ஒன்பது தாலுகாக்கள். பிற்காலத்தில் எல்லைகள் பலமுறை மாறின. திருப்பத்தூர் வட ஆற்காட்டோடு போனது, நாமக்கல் சில காலம் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. தாலுகா இடம் மாறும்போது அதன் பழைய கோப்புகளும் இடம் மாறின, அல்லது மாறும் வழியில் தொலைந்தன. எனவே ‘சேலம்’ என்று மட்டும் தேடுகிறவருக்குப் பாதி மாவட்டம் கண்ணில் படாது.

இத்தொகுதிகளில் நான் அதிக நேரம் செலவிட்டது முகாம் வாராந்திர அறிக்கைகளில். அச்சிட்ட படிவம், எல்லா முகாமுக்கும் ஒரே மாதிரி. சென்ற வாரம் இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், வெளியேறியவர்கள், இறந்தவர்கள், மீதம் இருப்பவர்கள் என்று பத்திகள் ஓடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கும். சிக்கல் ‘வெளியேறியவர்கள்’ பத்தியில். உடல் தேறி ஊர் திரும்பியவரும், வேலைத்தளத்துக்கு மாற்றப்பட்டவரும், கட்டுப்பாடு பிடிக்காமல் இரவில் கிளம்பிப் போனவரும், சாலையோரத்தில் செத்துக் கிடந்தவரும் அதே பத்தியில்தான் அடங்குகிறார்கள். ‘இறந்தவர்கள்’ பத்தி முகாமின் வேலிக்குள் நேர்ந்த சாவை மட்டுமே சொல்லும். அதனால் இறப்பு விகிதம் குறைந்த வாரத்தில், வெளியேற்றம் கூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தே பார்த்தேன். நான்காம் இயலின் வாதம் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டின் மேல் நிற்கிறது.

வேலைத்தளங்களிலும் முகாம்களிலும் பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. அவை இல்லாமல் கூலியும் கஞ்சியும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியல்கள் சென்னைக்கு வரவில்லை. கூட்டுத்தொகை மட்டும் மேலே சென்றது. முகாமிலிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து வாரியத்துக்கு என்று ஒவ்வொரு படியிலும் பெயர்கள் உதிர்ந்து எண்கள் மிஞ்சின. கிராமத்திலிருந்து தமிழில் எழுதிப் போன அர்ஜிகளின் கதியும் அதுதான். ஊரார் என்ன கேட்டார்கள் என்பதைக் கலெக்டர் அலுவலகத்தின் ஆங்கிலச் சுருக்கமாகவே படிக்க முடிகிறது. சுருக்கத்தில் கோரிக்கை இருக்கும், கேட்டவரின் குரல் இருக்காது. எந்தச் சாதியார், எந்தத் தெரு, யார் கையெழுத்திட்டார், யார் கைநாட்டு வைத்தார் என்ற விவரங்கள் அநேகமாக இல்லை.

நொறுங்கும் நிலையில் உள்ள தொகுதிகளைக் காப்பகம் படிக்கத் தருவதில்லை. அது நியாயமான விதி. புரட்டினால் உதிரும் தாளை எனக்காகப் பிரிப்பதைவிட, அடுத்தவருக்காகக் கட்டிவைப்பதே சரி. இப்படி விடுபட்ட மாதங்களுக்கு மாற்று வழி இருந்தது. சென்னை அரசின் அச்சிட்ட நடவடிக்கைகளின் ஒரு படி அக்காலத்தில் லண்டனுக்கும் அனுப்பப்பட்டது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் `IOR/P` வரிசையில் உள்ளன. எழும்பூரில் கிடைக்காத சில பகுதிகளை அங்கிருந்து பெற்ற படிகளால் நிரப்பினேன். இந்த மாற்று வழிக்கும் எல்லை உண்டு. அச்சேறிய பகுதி மட்டுமே லண்டனுக்குப் போனது. கையெழுத்துக் குறிப்புகள், அச்சுக்கு முன் அடித்துத் திருத்திய வரைவுகள், ஓரக் குறிப்புகள் இவை மூலக்கோப்போடுதான் இருக்கும். மூலம் போயிற்று என்றால் அவையும் போயிற்று.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்ததும், அதன் மின்பட்டியல் நீண்ட காலம் முழுமையாக இயங்காமல் இருந்ததும் தெரிந்ததே. நான் தேடியது அந்தக் காலத்தில். பழைய அச்சுப் பட்டியல்களையும் பிறருடைய ஆய்வுகளின் அடிக்குறிப்புகளையும் வைத்தே எண்களைக் கண்டுபிடித்தேன். இதனால் தெரிந்த தொகுதிகளையே தேடிப் போனேன். பட்டியலை மேய்ந்து எதிர்பாராத ஒன்றைக் கண்டெடுக்கும் வாய்ப்பு குறைந்தது. வைஸ்ராய் லிட்டனின் தாள்களும் (`Mss Eur E218`), 1877 தொடக்கத்தில் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த ரிச்சர்டு டெம்பிளின் தாள்களும் (`Mss Eur F86`) அதே நூலகத்தில் உள்ளன. இவற்றில் சேலம் தொடர்பானவற்றையும் கூலிக் குறைப்பு தொடர்பானவற்றையும் மட்டுமே பயன்படுத்தினேன். கூலியின் தானிய அளவை ஒரு பவுண்டாக டெம்பிள் குறைத்ததும், சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை வலுவாக எதிர்த்ததும் நன்கு ஆராயப்பட்டவை. அவ்விவாதத்தை நான் மறுபடி எழுதவில்லை. குறைத்த கூலி சேலத்தின் வேலைத்தளங்களில் எந்த வாரம் நடைமுறைக்கு வந்தது, எந்த வாரம் விலக்கப்பட்டது என்பதை உறுதிசெய்யவே இத்தாள்கள் தேவைப்பட்டன.

சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறப்புக் கணக்கு கிராம அதிகாரிகள் எழுதியது. காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற காரணங்கள் என்ற தலைப்புகளில் அது வகைப்படுத்தப்பட்டது. பட்டினிக்குத் தலைப்பு இல்லை. பசியால் செத்தவரைக் கர்ணம் எந்தப் பத்தியில் எழுதினார் என்பது அவருடைய தீர்ப்பு. பஞ்சம் முற்றிய மாதங்களில் ‘காய்ச்சல்’, ‘பிற காரணங்கள்’ இரண்டும் வீங்குவதை இதனால் நோய்ப் பரவலாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம், ஊரை விட்டுப் போய் வேற்றூர் எல்லையில் செத்தவரை எந்தக் கிராமமும் தன் கணக்கில் எழுத விரும்பவில்லை. எழுத வேண்டிய அதிகாரியே செத்தோ ஊரைவிட்டுப் போயோ இருந்தால் கணக்கே இல்லை. பதிவு மெலிந்த மாதம் சாவு குறைந்த மாதம் என்று பொருள்படாது என்பதை வாசகர் மறக்கக் கூடாது.

டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வருவாய், வேளாண்மை, வணிகத் துறைக் கோப்புகளில் மின்னுருவாக்கப்பட்டவற்றை அபிலேக் படல் தளத்தில் பார்த்தேன். மின்னுருவாகாதவற்றைத் தொடவில்லை. லண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இயங்கியது. அதன் கடிதங்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. ஊர்ப் பெயரும் குடும்பமும் ஓரளவு தெரியவரும் அபூர்வமான மூலம் அது. ஆனால் நிதி திரட்டும் நோக்கம் எழுத்தில் கலந்திருப்பதையும், சபையைச் சேர்ந்தவர்கள் பக்கமே பார்வை சாய்வதையும் கணக்கில் எடுத்தேன். மாவட்டத்துக்குள்ளேயே உள்ள ஒரு திருச்சபையின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைப் பார்க்க எழுத்துமூலம் அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை. ஒரு மாவட்ட அலுவலகத்தின் பதிவறையில் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டுகள் இருப்பதாக அறிந்தும், அட்டவணை இல்லாததால் பார்வைக்கு எடுக்க இயலவில்லை. அவற்றில் பஞ்சக் காலத் தாள்கள் இருந்தால் இந்த ஆய்வின் முடிவுகள் திருத்தம் பெறலாம்.

கர்ணம் கணக்குகள் பற்றியும் சொல்ல வேண்டும். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டபோது அவர்கள் வசமிருந்த பழைய ஏடுகள் எல்லாம் முறையாகக் கைமாறவில்லை. ஆத்தூர், ஓமலூர்ப் பக்கம் சில முன்னாள் கர்ணம் குடும்பங்களைச் சந்தித்தேன். அன்போடு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கிடைத்தவை 20-ஆம் நூற்றாண்டு அடங்கல்களே. 1870-களின் தாள் ஒன்றும் இல்லை.

தமிழ் மூலங்கள் குறைவு. சுதேசமித்திரன் தொடங்கியது 1882-இல். பஞ்சம் முடிந்து நான்காண்டு ஆகிவிட்டது. சே. ப. நரசிம்மலு நாயுடு 1870-களின் பிற்பகுதியில் சேலத்தில் நடத்திய தேசாபிமானி இந்த ஆய்வுக்கு மிக அருகிலுள்ள இதழ். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் தேடினேன், பஞ்சக் கால இதழ் ஒன்றும் கைக்கு வரவில்லை. வில்லியப்ப பிள்ளையின் பஞ்ச லட்சணத் திருமுக விலாசம் தாது வருஷத்தைப் பாடும் நூல்தான். ஆனால் அது மதுரைச் சொக்கநாதர் சிவகங்கை ஜமீன்தாருக்கு எழுதும் திருமுகமாக அமைந்தது. அதன் உலகம் வேறு, அதன் கேட்பவர்களும் வேறு. சேலத்து நிகழ்வுக்குச் சான்றாக அதை எங்கும் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய வரலாறு மிகவும் பயன்பட்டது. நிவாரண நிதிக் குழுவின் செயலராகவும் இருந்தவர் அவர். அந்நிதியின் பணிகளைப் பற்றி அவர் எழுதுவதை மட்டும் தனிச் சான்று இருந்தால்தான் ஏற்றேன். ஹூப்பர் எடுத்த புகழ்பெற்ற பஞ்சப் படங்களை ஆய்வில் சேர்க்கவில்லை. உட்காரவைத்து, வரிசைப்படுத்தி எடுக்கப்பட்ட அந்த மனிதர்களின் பெயரோ ஊரோ நமக்குத் தெரியாது. சேலத்துக்காரர்கள் என்று சொல்லி அவர்களை இங்கே அச்சிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சுவடு கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அங்கே செல்ல இந்த ஆய்வின் நிதியும் காலமும் இடம் தரவில்லை. இதனால் ‘காணாமல் போனவர்கள்’ என்று நான் குறிப்பவர்களில் இறந்தவரையும் கடல் கடந்தவரையும் என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை. பின்வரும் அட்டவணைகளில் மதிப்பீடாக வரும் எண்கள் சாய்வெழுத்தில் உள்ளன. நேரடியாக ஆவணத்திலிருந்து எடுத்தவை நேரெழுத்தில் உள்ளன. பதிவே இல்லாத வாரங்களில் சுழியம் போடாமல் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், அந்த வாரங்களைச் சராசரியிலும் சேர்க்கவில்லை.