ஒளிச்சேர்க்கை: விரிவுரை முடிந்ததும் கேட்கும் கேள்விகள்

முதலாண்டு தாவரவியல், பாளையங்கோட்டை. ஏட்டைப் பார்க்காமல் பதில் சொல்லவும்.

1. ஒளிவினையில் உருவாகி, ஸ்ட்ரோமாவில் செலவாகும் இரண்டு பொருள்கள் எவை?

2. தாமிரபரணியில் எடுத்த வேலம்பாசியைப் புனலுக்கடியில் வைத்தோம். விளக்கை நெருக்க நெருக்கக் குமிழிகள் கூடின. ஓரளவுக்குப் பின் கூடவில்லை. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் மறுபடி கூடின. பிளாக்மன் 1905-இல் சொன்ன விதிப்படி, எது தடையாக நின்றது? முதலில் குமிழி கூடியது விளக்கின் சூட்டால் அல்ல என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள்? (இதில்தான் ஆண்டுதோறும் பலர் வழுக்குகிறார்கள்.)

3. பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள், கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே, எலக்ட்ரான் ஏற்பி கிடைத்ததும் ஆக்சிஜனை வெளியிட்டன என்று 1937-இல் ஹில் காட்டினார். அப்படியிருக்க, 1941-இல் ரூபனும் காமனும் ஆக்சிஜன்-18 கொண்ட நீரைப் பயன்படுத்த வேண்டிய தேவை என்ன? வெளிவந்த வாயுவில் அந்த ஐசோடோப்பு இல்லாதிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள்?

4. உச்சிவெயிலில் நீரின்றி வாடும் வாழை. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் ஒளிச்சேர்க்கை மந்தம். இலைத்துளையை வைத்து விளக்கவும்.

5. சாரல் மேகம் கவிந்த நாளில் கார் நெற்பயிருக்கு எந்தக் காரணி முதலில் குறையும்?