பொருள்: ஜனவரியில் தெப்பம் இறக்குவது பற்றி 8 கேள்விகள் (1, 2க்கு மட்டும் டிசம்பர் 26க்குள் பதில் வேண்டும்)

மதிப்பிற்குரிய மேடம், வணக்கம்.

முனைக்காடு கடற்பாசி மகளிர் குழுவிலிருந்து பஞ்சவர்ணம் எழுதுகிறேன். ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நீங்கள் கொடுத்த பயிற்சிக்கு எங்கள் குழுவிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தோம். வாடைக்காற்று ஓய்ந்து பொங்கலும் முடிந்ததும் வடகடலில் கப்பாபைகஸ் பாசி வளர்க்க 30 தெப்பம் இறக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மூங்கிலும் கயிறும் வந்துவிட்டன. விதை இன்னும் வாங்கவில்லை.

போனில் கேட்டால் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது. கேட்டு வந்ததையும் ஒருத்தி ஒரு மாதிரி சொல்கிறாள், இன்னொருத்தி வேறு மாதிரி சொல்கிறாள். அதனால்தான் எல்லாவற்றையும் எண் போட்டு எழுதுகிறேன். நீங்கள் எண்ணைப் போட்டு எதிரே ஒரு வரி எழுதினாலே போதும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பதில் போட வேண்டாம், தெரிந்ததை முதலில் அனுப்புங்கள். பிறகு பார்த்துச் சொல்ல வேண்டியது இருந்தால் அந்த எண்ணுக்கு நேரே 'பிறகு' என்று மட்டும் போடுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.

அவசரமானவை

1. 30 தெப்பத்துக்கும் ஒரே நேரத்தில் விதை கட்டலாமா? ஒரு தெப்பத்துக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 இடம், இடத்துக்கு 150 கிராம் என்று நீங்கள் சொன்ன கணக்கில் தெப்பத்துக்கு 60 கிலோ, மொத்தம் 1,800 கிலோ ஆகிறது. அவ்வளவு விதையை ஒரே இடத்தில் வாங்கினால் நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் 10 தெப்பத்துக்கு 600 கிலோ கட்டி, 45 நாள் கழித்து அறுக்கும்போது அதிலிருந்தே மற்ற 20 தெப்பத்துக்கு விதை எடுப்பது இன்னொரு வழி. அதில் விதைச் செலவு குறையும், ஆனால் பருவத்தில் ஒரு அறுவடை போய்விடும். எது சரி? 26ஆம் தேதி வரை உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் 10 தெப்பத்தோடு தொடங்கிவிடுவோம்.

2. இணைப்பில் உள்ள 1, 2ஆம் படங்களில் இருக்கும் விதையை வாங்கலாமா? பக்கத்து ஊரில் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். முதல் படத்தில் நுனி நல்ல பழுப்பு நிறத்தில் கெட்டியாக இருக்கிறது. இரண்டாவது படத்தில், அதே தெப்பத்தின் இன்னொரு ஓரத்தில், தண்டில் முடி மாதிரி தூசிப்பாசி ஒட்டியிருக்கிறது. தூசிப்பாசியைக் கழுவிவிட்டுக் கட்டினால் போதுமா, அந்த ஓரத்தையே விட்டுவிட வேண்டுமா? 26ஆம் தேதிக்கு மேல் அவர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தெப்பம் இறக்கும் முன் தெரிய வேண்டியவை (ஜனவரி 10க்குள்)

3. மழைக்குப் பிறகு கடல் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருந்தால் விதை கட்டலாம்? பாம்பனில் என் தம்பி வேலை பார்க்கும் இறால் குஞ்சுப் பண்ணையில் உப்பு பார்க்கும் கருவி இருக்கிறது, கேட்டு வாங்கிவிடலாம். எத்தனை பிபிடி இருக்க வேண்டும் என்று எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

4. ஓரா மீன் கடிக்காமல் இருக்கத் தெப்பத்தின் அடியில் கட்டும் வலை பற்றி. போன பருவத்தில் கரையோரத் தெப்பங்களில்தான் கடி அதிகம். இளநுனியை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடுகிறது, தண்டு மொட்டையாக நிற்கிறது. அப்புறம் அது வளரவே இல்லை.
 அ) வலைக் கண்ணி எந்த அளவில் இருக்க வேண்டும்? வீட்டில் பழைய நண்டு வலை கிடக்கிறது, அதன் கண்ணி பெரிது. அதை இரண்டாக மடித்துக் கட்டினால் ஆகுமா?
 ஆ) 30 தெப்பத்துக்கும் வலை வேண்டுமா, கரையோர வரிசைக்கு மட்டும் போதுமா?

5. ஏப்ரல், மே வெயிலில் தண்டு வெளுத்து ஒடிந்து விழுவது பற்றி. இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கச் சொன்னார்கள், போன வருடம் எங்களுக்கு நஷ்டம் வந்ததே இதில்தான். முதலில் ஒரு கயிற்றில் நடுவில் இரண்டு கொத்து வெளுத்தது, ஒரு வாரத்துக்குள் பக்கத்துக் கயிறுகளிலும் வந்துவிட்டது. மூன்றாவது படம் அப்போது எடுத்தது.
 அ) வெளுத்த கொத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமா, அந்தக் கயிற்றையே கழற்ற வேண்டுமா?
 ஆ) தெப்பத்தை இன்னும் ஆழமான, ஓட்டமுள்ள இடத்துக்கு இழுத்துக் கட்டினால் குறையுமா? பத்துத் தெப்பம் சேர்ந்த வரிசையை இழுக்க வத்தைக்காரர்களை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.
 இ) ஏப்ரல் வந்ததும் 45 நாள் வரை காத்திருக்காமல் முன்னாலேயே அறுத்துவிடுவது நல்லதா?

பதில் கிடைக்க நாளாகலாம் என்று தெரிந்தே கேட்பவை

6. வேதாளையிலிருந்து இரண்டு பேர் எங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு வாசலே தென்கடல்தான். அங்கே தேசியப் பூங்கா இருப்பதாலும், குருசடைத் தீவில் கப்பாபைகஸ் பவளப்பாறையில் படர்ந்த பிரச்சினையாலும் அதைத் தென்கடலில் வளர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். நம் கடலிலேயே விளையும் கஞ்சிப்பாசியை அங்கே தெப்பத்தில் வளர்க்க அனுமதி உண்டா? உண்டென்றால் வனத்துறையிடம் கேட்க வேண்டுமா, மீன்வளத்துறையிடமா? இது உங்கள் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாலும் போதும், நாங்களே போய்க் கேட்டுக்கொள்கிறோம்.

7. பிரதமர் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் பற்றி. மூங்கில் வாங்கியாகிவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் ஏற்பார்களா? ரசீதெல்லாம் குழுவின் பெயரில் இருக்கிறது, மானியமோ ஆள் பேருக்கு என்கிறார்கள், அதுதான் குழப்பம்.

8. அடுத்த பயிற்சி எப்போது? வேதாளைக்காரர்கள் இருவரும் வர விரும்புகிறார்கள்.

உலர்ந்த பாசி விலை, எடைக் கழிவு பற்றியும் கேட்க இருந்தோம். அதை வாங்குகிறவர்களிடமே நேரில் பேசிக்கொள்கிறோம், இதில் சேர்க்கவில்லை.

எழுத நேரமில்லை, போனில்தான் சொல்ல முடியும் என்றால் மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் கடலில் இருப்போம், போன் எடுக்க முடியாது. இந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எண் எண்ணாகக் கேட்டு அதிலேயே எழுதிக்கொள்கிறேன். எழுதியதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். தவறாக எழுதியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் படிப்பதற்கு முன் திருத்திவிடுவேன்.

நன்றி மேடம்.

நா. பஞ்சவர்ணம்
குழுச் செயலாளர்
முனைக்காடு, மண்டபம்

இணைப்பு: 3 படங்கள் (1, 2 – விதை, 3 – வெளுத்த தண்டு, போன ஏப்ரல்)