அஞ்சலை கடலில் இறங்கும் நாளுக்கு

காசிமேடு,
ஜூன் 9

செல்வத்துக்கு,

வருகிற வியாழக்கிழமை உன் புதுப் போட்டைக் கடலில் இறக்குகிறாய் என்று உன் சின்னவன் வந்து பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனான். என் வீட்டுக்காரி கையில் கொடுத்தான். உள்ளே வரச் சொன்னதற்கு, "இன்னும் நாலு வீடு இருக்கு பெரியம்மா" என்று வாசலிலேயே நின்றுவிட்டான். நீ சொல்லி அனுப்பினாயா, அவனாகவே வந்தானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எப்படி வந்தாலும் பத்திரிகை பத்திரிகைதான்.

போனில் சொல்லாமல் இதை எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் அந்தப் பேச்சு வந்துவிடும், உனக்கே தெரியும். அதனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப சந்தோஷம்டா. மனசாரச் சொல்கிறேன்.

பட்டறைக்குப் போகிற வழி என்பதால் அந்தப் போட்டு எழும்பினதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏரா போட்டுக் கிடந்தபோது அது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. விலா மரம் நின்ற பிறகுதான் டீக்கடையில் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. முன் அணியத்தில் பலகை வளைத்திருக்கிற விதம் நன்றாக இருக்கிறது. பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும்போது நீயே உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பார்த்ததை ஒரு நாள் பார்த்தேன். ஆச்சாரிக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். நீ அப்படித்தான்.

உங்கப்பா கட்டுமரத்தில் போனவர். நீ அடுத்தவன் போட்டில் பங்குக்கு ஏறி, ஐஸ் உடைத்து, வலை இழுத்து, டிரைவராகி, அப்போதும் கரைக்கு வந்ததும் முதலாளி கணக்கு முடிக்கும்வரை வெளியே நின்றவன். ஏலக் கூடத்தில் உன் மீனுக்கு விலை சொல்லும்போது நீ வாயைத் திறக்க முடியாது. இனி உன் மீனை நீயே கூறு போடச் சொல்லலாம், விலை பிடிக்காவிட்டால் தலையை ஆட்டலாம். நம் தெருவில் ஏறினவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது சொல்.

அம்மா பெயரையே வைத்திருக்கிறாய். பெயின்டர் "அஞ்சலை" என்று எழுதி, ‘லை’யை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டான். பரவாயில்லை, அம்மாவும் கொஞ்சம் பெரிய குரல்தான். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்மண்டபம் தாண்டிப் போய்ச் சங்கராவும் காணாங்கத்தையும் விற்றுவிட்டு வருவார்களே, தெருமுனையில் திரும்பும்போதே நம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிற சத்தம் கேட்கும். சாப்பாடும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அந்தப் பெயரில் ஒரு போட்டு மிதக்கப் போகிறது என்பதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். இதை நீ மறுக்க முடியாது.

இப்போது மற்றது. நம் ஃபைபர் படகை நீ விற்ற விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து, பின்னாடியே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்து, படகு வலை எல்லாம் கறுத்துப் போனபோது எல்லோருக்கும்தான் பதற்றம். இருந்தாலும் இரண்டு பேர் சேர்ந்து வாங்கியதை ஒருவன் விலை பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ உன் பக்கம் சொல்வாய். வாங்க ஆள் வந்தபோது நான் ஊரில் இல்லை, காத்திருந்தால் அந்த விலையும் போயிருக்கும், என்ஜினுக்கு நீ போட்ட பணம் தனி என்று. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், இரண்டு பேரும் எழுந்து வந்தோம். நான் இறங்கி வரவில்லை, நீயும் வர மாட்டாய். சரி, அது அங்கேயே இருக்கட்டும். இந்த வாரம் அதற்கான வாரம் இல்லை.

என்ஜின் வேறு ஆள் இறக்கியிருக்கிறார். அவர் நல்ல கைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் ஷாஃப்டோடு மல்லுக்கட்டிய ஆள் என்கிற முறையில் சிலது சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரையில் வைத்து என்ஜினையும் ஷாஃப்டையும் நேர் பார்த்தது தண்ணீரில் அப்படியே நிற்காது. மரப் போட்டு மிதந்ததும் உடம்பு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இறக்கி ஒன்றிரண்டு நாள் கழித்து, கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டு மேலே, கீழே, இரண்டு பக்கமும் திரும்பப் பார்க்கச் சொல். அவருக்கே தெரியும், அவசரத்தில் விட்டுவிடப் போகிறார்.

கிளாண்ட் பேக்கிங் இன்னொன்று. ஓடும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரத்தான் வேண்டும். கசிகிறதே என்று புதுப் பையன் எவனாவது ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கிவிட்டால் சூடேறி ஷாஃப்டையே தின்றுவிடும். கையை வைத்துப் பார், கை தாங்கினால் சரி.

தடைக்காலம் 14 ராத்திரியோடு முடிகிறது. 61 நாள் சும்மா இருந்துவிட்டு எல்லோரும் கிளம்பும்போது நீயும் வரிசையில் நிற்கத் துடிப்பாய். முதல் மீனுக்கு விலை கிடைக்கும்தான். ஆனால் புதுப் பலகை, ஊறி இறுகும்வரை உள்ளே தண்ணீர் கட்டும். பம்பைப் போட்டு, எவ்வளவு இறைக்கிறாய் என்று பார்த்துக்கொண்டே துறைமுகத்துக்குள் இரண்டு மூன்று நாள் ஓட்டு. இறைக்கிற தண்ணீர் குறைந்த பிறகு தூரம் போ. கடனுக்கு வட்டி ஓடுகிறது என்பாய். ஓடட்டும், நாலு நாள் வட்டியில் போட்டு மூழ்காது.

ஏறுகிற பையன்களுக்கு லைஃப் ஜாக்கெட் எண்ணிப் போடு. நமக்கு யாரும் கொடுத்ததில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதே.

வியாழக்கிழமை நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. வந்து நின்றால் நாலு பேர் நம் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில் யாராவது ஒரு பெருசு கையைப் பிடித்து இழுத்து "விடுங்கப்பா, இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்" என்பார். உன் நல்ல நாள் பஞ்சாயத்தாகப் போய்விடும். என் வீட்டுக்காரியும் பெரியவளும் வருவார்கள். பெரியவள் உன்னை இன்னும் சித்தப்பா என்றுதான் சொல்கிறாள், நான் திருத்தவில்லை. பூசணிக்காய் உடைக்கும்போது அவளைக் கொஞ்சம் முன்னால் நிற்க விடு, போட்டு இறங்குவதை அவள் கிட்டே நின்று பார்த்ததில்லை.

பதில் போட வேண்டும் என்று இல்லை. மொய்க் கவரைப் பெரியவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள். ஃபைபர் கணக்கில் அதை வரவு வைத்துவிடாதே, அது வேறு, இது வேறு.

அஞ்சலை நன்றாக ஓடட்டும், மடி நிறையட்டும்.

மாரி