அவசர சி.டி. ஆஞ்சியோகிராம் கோரிக்கை: குடலுக்குப் போகும் தமனி அடைபட்டிருக்கிறதா?

பெறுபவர்: இன்று பணியில் உள்ள கதிரியக்க மருத்துவர்
அனுப்புபவர்: பொது அறுவை சிகிச்சைப் பிரிவு, பணி ரெசிடென்ட் (உள் எண் 214)
எழுதிய நேரம்: காலை 11:05
நோயாளி: பெண், 67 வயது, எடை 62 கிலோ, உள்நோயாளி எண் 40718, அவசரப் பிரிவு படுக்கை 3
அவசர நிலை: உடனடி. 11:30 இடம் கிடைத்தால் அதிலேயே.

டாக்டர் அவர்களுக்கு,

இதே நோயாளிக்குக் காலை 7:50-க்கு எங்கள் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை வந்திருக்கும். "வயிற்று வலி, பித்தப்பைக் கல் உள்ளவர், சி.டி. வயிறு" என்று மட்டும் அதில் இருந்தது. அதைப் படித்த யாரும் மாலை 4 மணிக்குத்தான் இடம் கொடுத்திருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் கொடுத்தீர்கள். தவறு எங்களுடையது. அதை ரத்து செய்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளவும். கேட்கும் ஸ்கேனும் வேறு, கேள்வியும் வேறு.

கேள்வி

சுப்பீரியர் மெசென்டரிக் தமனியில் (எஸ்.எம்.ஏ.) அடைப்பு இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில், குடல் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இதற்கு "ஆம்" அல்லது "இல்லை" என்ற பதில் முதலில் வேண்டும். மற்றவை பிறகு வந்தால் போதும்.

ஏன் இந்தச் சந்தேகம்

இந்த அம்மாவுக்குப் பல வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அபிக்ஸபான் எடுத்துவந்தவர். 9 நாளைக்கு முன் பல் பிடுங்குவதற்காக மாத்திரையை நிறுத்தினார். மறுபடி தொடங்கவே இல்லை. இந்தத் தகவல் காலையில் எங்களிடம் இல்லை. பத்தரை மணிக்கு மகள் மாத்திரைப் பையோடு வந்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காட்டும்போதுதான் தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. பை வந்த பிறகு எல்லாமே வேறு மாதிரித் தெரிகிறது.

வலி தொடங்கியது விடியற்காலை 5:40. நேரத்தை அவரே சொல்கிறார். வலிதான் எழுப்பியது, எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாராம். தொப்புளைச் சுற்றி, "உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி" என்கிறார். அடுத்த அரைமணிக்குள் இரண்டு முறை வாந்தி, ஒரு முறை தளர்ந்த மலம். மலத்தில் ரத்தம் இல்லை.

வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. கார்டிங் இல்லை, ரீபவுண்ட் இல்லை, லேசான வலி மட்டும். ஆனால் அவர் படுக்கையில் ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறார். முழங்காலை மடக்குகிறார், புரள்கிறார், மறுபடி உட்காருகிறார். மார்ஃபின் 7.5 மி.கி. கொடுத்த பிறகும் வலி பத்துக்கு ஏழு. வலி இவ்வளவு, வயிற்றில் அடையாளம் இவ்வளவு குறைவு. இந்தப் பொருத்தமின்மைதான் என்னைப் பயப்படுத்துகிறது. வயிறு இறுகும் வரை காத்திருந்தால் அதற்குள் குடல் போயிருக்கும்.

நாடி 118, ஒழுங்கற்றது. ரத்த அழுத்தம் 104/66. வீட்டில் வழக்கமாக மேல் எண் 140-ஐ ஒட்டி இருக்குமாம். வெப்பம் 37.2. ஆக்சிஜன் இல்லாமலேயே 95 சதவீதம்.

லாக்டேட் 8:15-க்கு 2.1, 10:30-க்கு 3.8. தமனி ரத்தத்தில் பி.ஹெச். 7.31, பைகார்பனேட் 18. வெள்ளணு 16,400. லைபேஸ் இயல்பு. முதல் ட்ரோபோனின் இயல்பு; இ.சி.ஜி.யில் வேகமான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தவிர வேறில்லை. காலையில் பார்த்த 2.1-ஐ "கொஞ்சம்தான் கூடுதல்" என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆரம்பத்தில் லாக்டேட் இயல்பாக இருப்பதை வைத்து இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது என்பது தெரிந்தும் விட்டோம்.

பித்தப்பையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் முந்தைய கோரிக்கை உங்களை அந்தப் பக்கம் இழுத்திருக்கும். 8 மாதத்துக்கு முன் எடுத்த அல்ட்ராசவுண்டில் கல் இருந்தது உண்மை. இன்று 9:20-க்குப் படுக்கையருகே நான் பார்த்தபோது பித்தப்பைச் சுவர் தடிக்கவில்லை, சுற்றி நீர் இல்லை, ப்ரோபை வைத்து அழுத்தினாலும் அந்த இடத்தில் வலி இல்லை. கல் அங்கே சும்மா இருக்கிறது என்றே நினைக்கிறேன். காலை 7 மணி மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழ் காற்று இல்லை. வயிற்று எக்ஸ்ரேயில் குறிப்பிட எதுவும் இல்லை. அதை வைத்து எனக்கு எந்த நிம்மதியும் இல்லை.

கேட்கும் ஸ்கேன்

உதரவிதானத்திலிருந்து தொடை இடுக்கு வரை சி.டி. ஆஞ்சியோகிராம், ஆர்ட்டீரியல் மற்றும் போர்ட்டல் வீனஸ் இரண்டு ஃபேஸும், மெல்லிய ஸ்லைஸ். வீனஸ் ஃபேஸ் வேண்டும் என்று கேட்பது இரண்டு காரணத்துக்காக: குடல் சுவர் கான்ட்ராஸ்டை வாங்குகிறதா என்று தெரிய வேண்டும், தமனி சரியாக இருந்தால் சிரை அடைப்பைத் தேட வேண்டும். கான்ட்ராஸ்ட் இல்லாத ஃபேஸை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

வாய்வழிக் கான்ட்ராஸ்ட் வேண்டாம். குடிக்க வைத்துக் காத்திருக்க நேரமில்லை. இவர் குடித்தாலும் தங்காது. தங்கினாலும் குடல் சுவரைப் பார்க்க அது இடைஞ்சல்தான்.

உங்களைத் தடுக்கக்கூடிய விஷயங்கள்

ஒவ்வாமை: காலைப் படிவத்தில் "ஒவ்வாமை: உண்டு" என்று டிக் போட்டிருக்கும். அது கடல் உணவு. உதடு தடித்ததாம், பத்து வருடத்துக்கு முன். கான்ட்ராஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3 வருடத்துக்கு முன் அயோடின் கான்ட்ராஸ்டுடன் மார்பு சி.டி. எடுத்திருக்கிறார், எந்தத் தொந்தரவும் வரவில்லை. முன்மருந்து தேவைப்படாது என்பது என் கருத்து.

சிறுநீரகம்: கிரியாட்டினின் இன்று 1.6, இ.ஜி.எஃப்.ஆர். 35. வழக்கமான அளவு 1.3. இந்த எண்ணைப் பார்த்து கான்ட்ராஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சீனியர் மருத்துவரோடு பேசியே எழுதுகிறேன்: சிறுநீரகத்துக்கு வரக்கூடிய பாதிப்பைப் பிறகு சமாளிக்கலாம், செத்த குடலைச் சமாளிக்க முடியாது. ரிங்கர் லாக்டேட் ஒரு லிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. மெட்ஃபார்மின் நேற்று இரவு எடுத்தது கடைசி. நிறுத்திவிட்டோம், சிறுநீரகத்தை மறுபடி பார்த்த பிறகுதான் தொடங்குவோம்.

ஹெபாரின் 5000 யூனிட் 10:50-க்குக் கொடுத்தாயிற்று.

வலது முழங்கை மடிப்பில் 18 கேஜ் கேனுலா, ஃப்ளஷ் செய்து பார்த்தேன், நன்றாகப் போகிறது. கையை நீட்டியே வைத்திருக்கிறோம். இடது இடுப்பு மூட்டு செயற்கை. கீழ் இடுப்புப் பகுதியில் உலோக நிழல் விழும். மல்லாந்து பத்து நிமிடம் படுப்பார், மூச்சை ஒரு பத்து விநாடி பிடிப்பார். ஸ்கேனருக்குக் கிளம்பும் முன் வலி மருந்து இன்னொரு சிறு டோஸ் கொடுக்கிறேன். கடைசியாகச் சாப்பிட்டது நேற்று இரவு 9 மணி. சம்மதம் அவரிடமும் மகளிடமும் பேசி வாங்கியாயிற்று.

உங்கள் பதிலால் இங்கே என்ன மாறும்

தமனியில் அடைப்பு இருந்து குடல் சுவர் கான்ட்ராஸ்டை வாங்கினால் ரத்தநாளக் குழுவுக்குப் போகிறார், அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அடைப்பு தமனியின் தொடக்கத்திலேயா, நடு கோலிக் கிளைக்கு அப்பாலா என்று சொன்னால் அவர்களுக்குப் பெரிய உதவி. தொடக்கத்தில் சுண்ணாம்புப் படிவோடு இருந்தால் பழைய குறுகலின் மேல் உறைந்த கட்டி. சில சென்டிமீட்டர் தள்ளி, சுவர் சுத்தமாக இருந்தால் இதயத்திலிருந்து வந்தது. இரண்டையும் அணுகும் விதம் ஒன்றல்ல.

குடல் சுவர் கான்ட்ராஸ்டை வாங்கவே இல்லை, சுவரில் காற்று, அல்லது போர்ட்டல் சிரையில் காற்று என்றால் நேராக வயிற்றைத் திறக்கிறோம். தியேட்டரில் 12:30 முதல் ஒரு மேசை எங்களுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள்.

தமனி, சிரை இரண்டும் திறந்திருந்தால் அதையும் அதே அவசரத்தோடு சொல்லுங்கள். அப்போது ஹெபாரினைத் தொடர்வதா என்று யோசிக்க வேண்டும்; முறுக்கிய குடல், மறைந்த ஓட்டை, அயோர்ட்டா பிளவு என்று வேறு பக்கம் போக வேண்டும். சிறுநீரகத்திலோ மண்ணீரலிலோ ஆப்பு வடிவ இன்ஃபார்க்ட் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லவும். கட்டி இதயத்திலிருந்து கிளம்பியது என்பதற்கு அது சாட்சி. பித்தப்பைக் கல், எலும்புத் தேய்மானம் எல்லாம் முழு அறிக்கையில் வரட்டும், அவசரமில்லை.

எவ்வளவு உறுதியாக இதைச் சொல்கிறேன் என்று கேட்டால்: எனக்கு இதுதான் முதல் சந்தேகம், ஆனால் உறுதி இல்லை. மலத்தில் ரத்தம் இல்லை, முன்பு இப்படி உறைகட்டி போய் அடைத்ததாக வரலாறு இல்லை. இவை எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன. இருந்தாலும் வலி தொடங்கி ஐந்தரை மணி நேரம் ஆகப்போகிறது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து மணி நேரம் காத்திருக்க முடியாது.

இடம் பற்றி

இன்று 11:30-க்கு உங்கள் பட்டியலில் இருப்பவரும் எங்கள் நோயாளிதான்: வார்டு படுக்கை 9, டைவர்டிகுலைட்டிஸ் சீழ்க்கட்டிக்கு ஆறாம் நாள் மறுஸ்கேன். காய்ச்சல் இல்லை, நேற்றிலிருந்து சாப்பிடுகிறார். அவரை இன்று மாலைக்கோ நாளைக்கோ தள்ளலாம், அவரிடமும் சொல்லிவிட்டோம். அந்த இடத்தை இவருக்குக் கொடுத்தால் மற்றப் பிரிவுகளின் பட்டியலில் யாரையும் நகர்த்த வேண்டியிருக்காது. காலையில் நாங்கள் வாங்கிய 4 மணி இடத்தை விட்டுவிடுகிறோம்.

நோயாளியோடு மானிட்டருடன் நானே வருகிறேன். ஸ்கேன் முடியும்வரை கண்ட்ரோல் அறையில் இருப்பேன், படம் திரையில் வரும்போதே இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் அங்கே இல்லாவிட்டால் உள் எண் 214. எழுத்து அறிக்கைக்குக் காத்திருக்க மாட்டோம், அது பிறகு வரட்டும். இதில் ஏதாவது போதாமல் இருந்தால் கோரிக்கையைத் திருப்பி அனுப்பாமல் போனில் கேளுங்கள், எடுக்கிறேன்.

பணி ரெசிடென்ட், பொது அறுவை சிகிச்சை

பின்சேர்ப்பு, 11:14: மூன்றாவது லாக்டேட் 4.6. நோயாளியை டிராலியில் ஏற்றிவிட்டோம், நீங்கள் சொன்னதும் கிளம்புகிறோம்.